எட்டு வீட்டாருக்கும்: 5 சதவீத வாடகை உயர்வு எப்படி வந்தது

நம் கட்டடத்தில் குடியிருக்கும் எட்டு வீட்டாருக்கும் வணக்கம்.

இன்றிலிருந்து மூன்று மாதம் முடிந்து வரும் முதல் தேதியிலிருந்து வாடகையை 5 சதவீதம் உயர்த்தலாம் என்று நினைக்கிறேன். இன்னும் முடிவு செய்துவிடவில்லை. 5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை முழுக்க எழுதியிருக்கிறேன். படித்துப் பாருங்கள். எங்காவது கணக்கு இடித்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளலாம். எட்டு வீட்டுக்கும் ஒரே மடலாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. தனித்தனியாகப் பேசினால் ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொன்னதாகிவிடும். அப்புறம் மாடிப்படியில் இருவர் சந்தித்துப் பேசும்போது நான் சொன்ன சொல்லுக்கு மதிப்பிருக்காது.

முதலில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சில வருடங்களுக்கு முன்பு, 'அடுத்த மாதம் முதல் வாடகை 10 சதவீதம் கூடுகிறது' என்று இரண்டு வரியில் சீட்டு எழுதி எல்லார் கதவிடுக்கிலும் செருகினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. 10 என்பது சொல்லவும் பெருக்கவும் வசதியான எண் என்பதைத் தவிர எனக்கே வேறு காரணம் தெரியாது. இரண்டாம் மாடியில் இருந்த குடும்பம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த மாதமே காலி செய்துவிட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மா, 'கேட்டிருந்தால் ஏதாவது பேசி முடித்திருக்கலாம். சீட்டோடு யார் பேசுவது?' என்றார். அந்த வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்தச் சீட்டு எனக்கு என்ன நஷ்டம் வைத்தது என்பதைப் பின்னால் கணக்கோடு சொல்கிறேன். அவர்களுக்கு வைத்த நஷ்டத்தை என்னால் கணக்குப் போட முடியாது. பிள்ளையின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன். எட்டு வீட்டுக்கும் வாடகை ஒன்றாக இல்லை. அதனால் தொகையாக எழுதாமல் பங்காக எழுதுகிறேன். நீங்கள் மாதம் கொடுக்கும் வாடகை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடகையை நூறால் வகுத்தால் ஒரு பங்கு உங்களுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அந்த 100 பங்கு என் கைக்கு வந்ததும் நான்காகப் பிரிகிறது. கட்டடத்தை அன்றாடம் ஓட்டுவதற்கு 30 பங்கு போகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைகளுக்காக 10 பங்கை எடுத்து வைக்கிறேன். கட்டடத்துக்கு வாங்கிய கடனின் தவணைக்கு 36 பங்கு போகிறது. மீதி 24 பங்குதான் எனக்கு நிற்கும் வருமானம். வாடகை முழுவதும் வீட்டுக்காரர் பாக்கெட்டுக்குப் போகிறது என்று குடியிருப்பவர் நினைப்பதும், எல்லாம் செலவாகிவிடுகிறது என்று வீட்டுக்காரர் சொல்வதும் இரண்டுமே சரியில்லை. இந்த நான்கு பாகமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை, அதில் ஒன்று ஏறுவதே இல்லை. மொத்த வாடகையின் மேல் ஒரு சதவீதத்தைத் தூக்கிப் போட்டால் ஏறாத பாகத்துக்கும் சேர்த்து உங்களிடம் வாங்கியதாகிவிடும். போன முறை நான் செய்த தவறு அதுதான். இந்த முறை ஒவ்வொரு பாகமாக எடுத்து, எது எவ்வளவு ஏறியது என்று பார்த்திருக்கிறேன்.

அன்றாடச் செலவு 30 பங்கு என்றேன். அதில் வரியும் காப்பீடும் சேர்ந்து 9, பெருக்குபவருக்கும் காவலாளிக்கும் சம்பளம் 11, பொது மின்சாரமும் தண்ணீரும் 6, குழாய், பூட்டு, பல்பு மாதிரியான சில்லறை ரிப்பேர் 4. இந்த வருடம் வரி மாறவில்லை. காப்பீட்டுத் தவணை மட்டும் ஏறியதால் 9 என்பது 9.6 ஆனது. சம்பளம் 11-லிருந்து 12.3 ஆனது. இது விலை ஏறியதால் தானாக வந்த உயர்வு அல்ல, நானே கூட்டிக் கொடுத்தது. இரண்டு வருடமாக அவர்களுக்கு எதுவும் கூட்டவில்லை. தினம் நம் எல்லார் வாசலையும் சுத்தமாக வைப்பவர்களின் சம்பளத்தைப் பிடித்து வைத்து வாடகையைக் குறைவாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது அதிகம் என்று நினைத்தால் சொல்லுங்கள். ஆனால் இந்த ஒரு இனத்தில் நான் வாதாடுவேன். சில்லறை ரிப்பேர் 4-லிருந்து 4.5 ஆனது. பொருள் விலை கொஞ்சம், ஆட்கூலி கொஞ்சம்.

மின்சாரத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வருடம் நான் கற்றுக்கொண்டது அதில்தான்.

பொது மீட்டரின் பில்களை வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது 6 பங்காக இருந்த செலவு 7.8 ஆகியிருந்தது. போன வருடத்தைவிட 30 சதவீதம் கூடுதல். கட்டண உயர்வு வந்த வருடம் என்பதால் முதலில் அதையே காரணமாக எழுதிவிட்டேன். எழுதிய பிறகு ஒரு சந்தேகம் வந்தது. போன வருடம் ஓடிய யூனிட்டை எடுத்து, அதை இந்த வருட விலையில் போட்டுப் பார்த்தேன். 6.6 பங்குதான் வந்தது. அப்படியானால் விலை ஏறியதால் வந்தது 0.6 மட்டும். மீதி 1.2 பங்கு அதிகமாக ஓடிய யூனிட்டால் வந்தது. யாராவது கணக்கைச் சரிபார்க்க வந்தால் இதே முறையில் பாருங்கள். பில் தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். அதிகம் ஓடினால் யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் கட்டண முறையில், வீணாய்ப் போன மின்சாரமும் கட்டண உயர்வு மாதிரியே தெரியும்.

யூனிட் ஏன் கூடியது? நம்மிடம் புதிய விளக்கு எதுவும் வரவில்லை, வீடும் கூடவில்லை. தரைத்தளத்தில் இருக்கும் பெரியவர் ஒருநாள், விடியற்காலை ஐந்து மணி வாக்கில் பின்பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்பதாகச் சொல்லியிருந்தார். மழைநீர்க் குழாயாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். மழை இல்லாத மாதம் அது. பில்லைப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. மறுநாள் இருட்டோடு எழுந்து டார்ச்சோடு பின்பக்கம் போய் நின்றேன். மோட்டார் ஓட ஆரம்பித்து நாற்பது நிமிடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மேல்தொட்டியின் வழிகுழாயிலிருந்து தண்ணீர் சுவரோடு இறங்கிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் அந்தக் குழாயின் நேர் கீழே கையகலத்துக்குப் பாசி பிடித்திருந்தது. அவ்வளவு பாசி ஒரு வாரத்தில் வராது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய மிதவை, தண்ணீர் உப்புப் படிந்து இறுகி, பாதி உயரத்தில் சிக்கிக் கிடந்தது. மோட்டார் தினமும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சும்மா ஓடி, ஏற்றிய தண்ணீரைக் கீழே கொட்டியிருக்கிறது. தண்ணீரும் போயிருக்கிறது, மின்சாரமும் போயிருக்கிறது.

மிதவையை மாற்றிவிட்டேன். இப்போது மோட்டார் பழையபடி நாற்பது நிமிடத்தில் நிற்கிறது. பெரியவர் சொன்ன அன்றே பார்த்திருந்தால் அந்த 1.2 பங்கில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அதனால் அது உங்கள் கணக்கில் வராது, என் கணக்கில்தான் வரும். மின்சாரத்துக்காக நான் கேட்பது 0.6 மட்டும்.

ஆக, அன்றாடச் செலவில் காப்பீடு 0.6, சம்பளம் 1.3, மின்சாரமும் தண்ணீரும் 0.6, சில்லறை ரிப்பேர் 0.5. மொத்தம் 3 பங்கு.

அடுத்தது பெரிய வேலைகளுக்கான 10 பங்கு. வீட்டுக்காரர்கள் அதிகம் தப்புச் செய்வது இங்கேதான். தெரிந்து செய்பவர்களும் உண்டு, தெரியாமல் செய்பவர்களும் உண்டு. மோட்டாரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். புது மோட்டார் வாங்கிப் பொருத்தும் செலவை எட்டு வீட்டுக்கும் பிரித்தால் ஒரு வீட்டுக்கு 60 பங்கு வருகிறது. அந்த 60-ஐ வசூலிக்க ஒரு வீட்டுக்காரர் இப்படி யோசிக்கலாம்: மாதம் 5 வீதம் வாடகையில் ஏற்றினால் பன்னிரண்டு மாதத்தில் 60 வந்துவிடும். வந்துவிடும்தான். ஆனால் பதின்மூன்றாவது மாதம் அந்த 5 இறங்குமா? வாடகையில் ஒருமுறை சேர்ந்தது தானாக இறங்காது. மோட்டார் பத்து வருடம் ஓடினால் 60 பங்கு பொருளுக்குக் குடியிருப்பவர் 600 பங்கு கொடுத்திருப்பார். வருடா வருடம் வாடகை ஏறும்போது அந்த 5-ம் கூடவே ஏறும் என்பதால் உண்மையில் அதற்கும் மேலேதான் கொடுத்திருப்பார்.

சரியான வழி, பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்த்து அத்தனை மாதத்துக்குப் பிரிப்பது. மோட்டார் பத்து வருடம், அதாவது 120 மாதம். 60-ஐ 120-ஆல் வகுத்தால் மாதத்துக்கு அரைப் பங்கு. மொட்டைமாடியில் நீர் இறங்காமல் பூசும் வேலைக்கு ஒரு வீட்டுக்கு 180 பங்கு ஆகிறது. அது ஆறு வருடம் தாங்கும் என்று வைத்தால் 72 மாதம், மாதத்துக்கு இரண்டரைப் பங்கு. வெளிச் சுவருக்கு வண்ணம், குழாய்கள், மின் இணைப்பு என்று மற்றதையும் இப்படியே கணக்கிட்டுத்தான் 10 வந்தது. மோட்டார் பழுதான மாதம் உங்களிடம் தனியாக எதுவும் நான் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். ஏற்கெனவே மாதாமாதம் நீங்கள் கொடுத்து வருவதுதான் அது. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன். இந்த வருடம் பூச்சுப் பொருளும் ஆட்கூலியும் ஏறியிருக்கின்றன. வேலையை எடுத்துச் செய்யும் இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கிப் பார்த்ததில் பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. எனவே 10 என்பது 11 ஆகிறது. 1 பங்கு கூடுதல்.

இன்னொன்று. பழுது பார்ப்பது வேறு, புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வேறு. ஒழுகும் கூரையைச் சரிசெய்வது நான் ஏற்கெனவே வாங்கும் வாடகைக்கு நான் செய்ய வேண்டிய வேலை. அதைக் காட்டி வாடகை ஏற்ற எனக்கு உரிமை இல்லை. இதுவரை இல்லாத ஒரு வசதியைச் செய்வதென்றால் முன்கூட்டியே உங்களைக் கேட்டு, வேண்டும் என்று நீங்கள் சொன்னால் மட்டும் அதற்கான பங்கைத் தனியாகப் பேசலாம்.

மூன்றாவது, கடன் தவணை. 36 பங்கு. இது போன வருடம் எவ்வளவோ இந்த வருடமும் அவ்வளவே. தவணை மாறாத கடன் அது. அதனால் உயர்வு பூஜ்யம். வட்டி ஏறி இறங்கும் கடனாக இருந்திருந்தால்? அப்போதும் இதை உங்கள் தலையில் வைப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். கடன் வாங்கியது என் முடிவு. கடன் தீரும் நாளில் கட்டடம் எனக்குச் சொந்தமாக நிற்கும், உங்களுக்கு அல்ல.

நான்காவது, எனக்கு நிற்கும் 24 பங்கு. இதற்கும் உயர்வு கேட்கிறேன் என்பதை மறைக்கவில்லை. விலைவாசிக் குறியீடு இந்த ஒரு வருடத்தில் சுமார் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. எனக்கும் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது, மருந்து வாங்க வேண்டியிருக்கிறது. 24-க்கு 5 சதவீதம் என்றால் 1.2 பங்கு. அந்த 24-ன் மதிப்பு தேயாமல் இருப்பதற்கு இது போதும், அதற்கு மேல் கேட்கவில்லை.

விலைவாசி 5 சதவீதம் ஏறினால் வாடகையையும் நேராக 5 ஏற்றிவிடலாமே, இத்தனை கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்த வருடம் இரண்டும் பக்கத்தில் வந்தது தற்செயல். விலைவாசிக் குறியீட்டை மொத்த வாடகைக்கும் போட்டால் ஏறாத 36 பங்குக் கடனுக்கும் சேர்த்து ஏற்றியதாகிவிடும். குறியீடு 12 ஏறும் ஒரு வருடத்தில் இது பெரிய அநியாயமாகத் தெரியும். இன்னொரு பக்கம், காப்பீடோ சம்பளமோ குறியீட்டைவிட வேகமாக ஏறும் வருடங்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் விலைவாசி உயர்வைக் காட்டி வாடகையை ஏற்ற வேண்டுமானால், அந்த உயர்வில் 40 சதவீதத்தை மட்டும்தான் வாடகையில் சேர்க்கலாம் என்று விதியே இருக்கிறது. கட்டடக் கடனுக்கான வட்டியின் அளவுகோல் இறங்கினால் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அங்கே குடியிருப்பவருக்கு உண்டு. வாடகை முழுவதும் விலைவாசியோடு ஓடுவதில்லை என்பதை ஒரு நாட்டின் சட்டமே இப்படி ஏற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் பாகம் பாகமாகப் பிரிக்கும் யோசனையில் எனக்கு உறுதி வந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். அன்றாடச் செலவு 3, பெரிய வேலை 1, கடன் 0, என் வருமானம் 1.2. மொத்தம் 5.2 பங்கு. நான் கேட்பது 5. உங்கள் வாடகை 100 பங்காக இருந்தால் இனி 105.

அக்கம்பக்கத்தில் புதிதாகக் குடிவருபவர்கள் இதைவிட அதிகம் கொடுக்கிறார்களே, நீங்கள் ஏன் அந்த விலை கேட்கவில்லை என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். விளம்பரத்தில் போடும் வாடகை, கேட்கும் விலை. பேசி முடிந்த விலை அல்ல. அது காலியாக இருக்கும் வீட்டுக்கானது. அப்புறம், காலி வீட்டின் கணக்கே வேறு. அந்த இரண்டாம் மாடி வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். 10 சதவீதம் ஏற்றியதால் வருடத்துக்கு எனக்கு 120 பங்கு கூடுதலாக வந்திருக்க வேண்டும். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததில் பழைய வாடகைப்படியே 200 பங்கு போனது. வண்ணம் அடித்து, கதவு, குழாய் சரிசெய்ததில் 60. மொத்தம் 260. நினைத்த உயர்வு அப்படியே கிடைத்திருந்தாலும் அதைத் திரும்ப எடுக்க 26 மாதம் ஆகியிருக்கும். அதுவும் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவர் பழைய வாடகைக்குத்தான் சம்மதித்தார். ஒரு மாதம் வீடு காலியாக இருந்தாலே வருட வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 8 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. நான் கேட்கும் 5 சதவீதத்தைவிட அது பெரியது. நீங்கள் நிலையாக இருப்பதில் எனக்கு இருக்கும் லாபத்தை இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

10 சதவீதத்தை நான் இனிமேல் தொடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயர்வின் மேல் உயர்வு ஏறும். வருடம் 10 சதவீதம் என்று போனால் ஏழு வருடம் தாண்டியதும் வாடகை இரட்டிப்பாகிவிடும். 5 என்றால் அதற்குப் பதினான்கு வருடத்துக்கு மேல் ஆகும். 10 சதவீத வேகத்தில், ஐந்தாம் வகுப்பில் குழந்தையைச் சேர்த்துவிட்டு இங்கே குடிவந்தவர், அது பள்ளி முடிக்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். சம்பளம் அந்த வேகத்தில் ஏறும் வீடு நம் எட்டில் எத்தனை?

அப்படியானால் வருடா வருடம் ஏற்றாமல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏற்றலாமே என்றும் ஒருவர் சொன்னார். அதையும் யோசித்தேன். 5 சதவீதம் மூன்று வருடம் ஏறினால் 100 என்பது 115.76 ஆகிறது. அதையே மூன்றாம் வருடக் கடைசியில் ஒரே தாவலாகக் கேட்டால் ஏறக்குறைய 16 சதவீதம். இடைப்பட்ட இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாவது உண்மைதான். ஆனால் ஒரே மாதத்தில் வாடகை 16 சதவீதம் தாவுவதை ஒரு குடும்பம் தாங்குவது கஷ்டம். அதைவிட முக்கியம், மூன்று வருடம் கழித்து எந்தச் செலவு எப்போது ஏறியது என்று எனக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் சரிபார்க்க வழி இருக்காது. பில்கள் கையில் இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

இந்தத் தவறை நானே ஒரு வீட்டில் செய்திருக்கிறேன். முதல் மாடியில் பல வருடமாக இருப்பவர்களுக்கு நடுவில் மூன்று வருடம் வாடகையைத் திருத்தவே இல்லை. அதே அளவுள்ள மற்ற வீடு 100 கொடுக்கும்போது அவர்கள் 82 கொடுக்கிறார்கள். இப்போது எல்லாரையும் 105-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் அவர்களுக்கு மட்டும் 28 சதவீத உயர்வு. அதை நான் கேட்கப் போவதில்லை. அவர்களுக்கும் 5 சதவீதம்தான், 82 என்பது 86.1 ஆகும். மற்ற வீட்டார் இதைப் பாரபட்சம் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்காக உங்கள் பங்கில் ஒரு பைசா கூடவில்லை. குறையும் தொகை என் 24-லிருந்து போகிறது. கேட்காமல் விட்டது என் கவனக்குறைவு என்பதால் அது அங்கிருந்து போவதுதான் முறை.

இந்த வருடம் குடிவந்த இரண்டு வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பேசிய வாடகையிலேயே இன்றைய விலைவாசி அடங்கியிருக்கிறது. எனவே உங்களுக்குப் பன்னிரண்டு மாதம் நிறையும் வரை எந்த மாற்றமும் இல்லை. நிறைந்த பிறகு, அந்த வருடத்துக்கு என்ன சதவீதமோ அது.

முன்பணத்தை ஏற்றவில்லை. வாடகை கூடினால் முன்பணத்தையும் அதற்கு ஏற்றபடி கூட்டிக் கேட்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. முன்பணம் என்பது வீடு சேதமானாலோ வாடகை நின்றாலோ எனக்கு இருக்கும் பாதுகாப்பு. இத்தனை வருடம் ஒழுங்காக இருப்பவரிடம் அது கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

கடைசி மாடியில் இருக்கும் இரண்டு வீட்டாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. படுக்கையறைக் கூரையில் விரிசல் ஓரமாக ஈரம் தெரிகிறது என்று சொல்லியிருந்தீர்கள். வந்து பார்த்தேன். மேலே மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பூச்சு விட்டிருக்கிறது. மொத்த மாடிக்கும் பூச வேண்டியதில்லை, அந்த மூலையை வெட்டி அடைத்து மேலே பூசினால் போதும் என்கிறார்கள். அது முடிந்து, மேலே தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டு, கீழே ஈரம் வரவில்லை என்று நீங்களே பார்த்துச் சொன்ன மாதத்துக்கு அடுத்த மாதம் முதல்தான் உங்கள் இருவருக்கும் புதிய வாடகை. அதுவரை பழையதே. வேலை தள்ளிப் போனால், தள்ளிப் போன மாதங்களுக்கான வித்தியாசத்தைப் பின்னால் பாக்கி என்று கேட்க மாட்டேன்.

மாடிப்படியில் ஒருவர் என்னிடம், 'சம்பளம் ஏறவே இல்லையே, வாடகை மட்டும் எப்படி ஏறும்?' என்று கேட்டார். அவர் பெயரை எழுதவில்லை. அந்தக் கேள்விக்கு நேரான பதில் என் கணக்கில் இல்லை. கட்டடத்தின் செலவை மட்டும்தான் என்னால் கணக்கிட முடிகிறது, ஒவ்வொரு வீட்டு வருமானத்தையும் நான் எடைபோட முடியாது, போடவும் கூடாது. ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேலை போனது, வீட்டில் நோய், சம்பளம் நின்றது என்று ஏதாவது இருந்தால் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆதாரம் கேட்க மாட்டேன். ஆறு மாதம் வரை உங்களுக்குப் பழைய வாடகையே தொடரும், அந்த ஆறு மாத வித்தியாசத்தைப் பின்னால் வசூலிக்கவும் மாட்டேன். எட்டில் இரண்டு வீட்டார் இப்படிக் கேட்டால் எனக்குக் குறைவது எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு 5 வீதம் ஆறு மாதம், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 60 பங்கு. ஒரு வீடு ஒரு மாதம் காலியாக இருப்பதைவிடக் குறைவு.

ஒப்பந்தத்தில் வாடகைத் திருத்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறோமோ அதுவும், சட்டம் வைத்திருக்கும் வரம்பும் இந்த மடலுக்கு மேலானவை. யாருடைய ஒப்பந்தத்திலாவது இந்த வருடம் உயர்வு இல்லை என்றோ, 5-க்குக் குறைவாகவோ எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். என் பிரதியைப் பார்த்துவிட்டேன். நீங்களும் உங்கள் பிரதியை எடுத்துப் பாருங்கள்.

அடுத்த வருடமும் இதே நான்கு பாகத்தை எடுத்து இதே முறையில் கணக்குப் போடுவேன். 5 என்பது வருடா வருடம் தானாக வரும் எண் அல்ல. காப்பீடும் சம்பளமும் மாறாத வருடத்தில் அது 2 ஆகலாம், ஏறாமலும் போகலாம். கடன் முடியும் வருடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். அப்போது அந்த 36 பங்கை முழுதாக நானே வைத்துக்கொள்வேன் என்றும் சொல்லவில்லை, விட்டுவிடுவேன் என்றும் சொல்லவில்லை. அதை இன்றைக்கே வாக்குறுதியாகக் கொடுத்தால் பொய்யாகிவிடும்.

பில்கள், சம்பள ரசீதுகள், இரண்டு மதிப்பீடுகள், பெரிய வேலைக்கான தனிக் கணக்கின் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மாதத்தின் கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வந்து புரட்டிப் பாருங்கள், வேண்டியதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வசதிப்படாதவர்கள் சொன்னால் நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். உங்கள் பதிலை முப்பது நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால் போதும். சம்மதம் என்றாலும், இந்த இனத்தில் சம்மதமில்லை என்றாலும், எந்த எண்ணில் சந்தேகம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லாருடைய பதிலையும் பார்த்துவிட்டு, எட்டு வீட்டாரும் சேர்ந்து ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்வோம். அதுவரை இப்போதைய வாடகையே கொடுங்கள்.

தரைத்தளத்துப் பெரியவருக்கு: மறுபடி ஏதாவது சத்தம் கேட்டால் எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள் ஐயா. இந்த முறை உடனே வந்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரர்